ஒரே பிள்ளைகளை இரண்டு முறை அளந்தால் எந்த ரி-சோதனை?

கேள்வி: கிளிநொச்சியில் தரம் 4 பிள்ளைகள் பத்துப் பேருக்கு ஆறு வாரம் வாசிப்புப் பயிற்சி கொடுத்தோம். பயிற்சிக்கு முன்னும் பின்னும், ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் சரியாக வாசிக்கிறார்கள் என்று அளந்தேன். சுயாதீன மாதிரி ரி-சோதனை செய்தால் p 0.41, சோடி ரி-சோதனை செய்தால் 0.026. எதை ஆய்வறிக்கையில் போடுவது? சின்ன p வருகிறது என்பதற்காகச் சோடியை எடுத்தால் பிழையில்லையா?

பதில்:

சோடி ரி-சோதனையைப் போடுங்கள். p சின்னதாக வருகிறது என்பதற்காக எடுத்தால் அது பிழைதான். ஆனால் இங்கே அந்தக் காரணம் தேவையில்லை. இரண்டு நிரல்களிலும் இருப்பவர்கள் அதே பத்துப் பிள்ளைகள். அது தரவு சேர்க்கப்பட்ட விதத்திலேயே முடிவான விஷயம். சுயாதீனத்தில் p 0.41 ஆகவும் சோடியில் 0.6 ஆகவும் வந்திருந்தாலும் சோடியைத்தான் போட வேண்டியிருந்திருக்கும். எந்தச் சோதனை என்பதைத் தரவு சேர்க்கப் போகும் முன்னரே, ஆய்வு முன்மொழிவில் ஒரு வரியாக எழுதி வைத்தால் உங்கள் இரண்டாவது சந்தேகம் எழவே எழாது.

ஒரே தரவில் 0.41 உம் 0.026 உம் எப்படி வருகின்றன என்பதை இலக்கங்களோடு பார்த்தால்தான் விளங்கும். உங்கள் முடிவுகளோடு ஒத்துப்போகும் பத்துப் பிள்ளைகளின் தரவு ஒன்றை உதாரணமாக எடுக்கிறேன்.

| பிள்ளை | முன் | பின் | வித்தியாசம் |
|---|---|---|---|
| 1 | 32 | 44 | 12 |
| 2 | 58 | 59 | 1 |
| 3 | 41 | 55 | 14 |
| 4 | 75 | 78 | 3 |
| 5 | 27 | 36 | 9 |
| 6 | 64 | 60 | −4 |
| 7 | 49 | 55 | 6 |
| 8 | 38 | 53 | 15 |
| 9 | 82 | 77 | −5 |
| 10 | 54 | 63 | 9 |

முன் இடை 52, பின் இடை 58. இரண்டு சோதனையும் பேசுவது இந்த 6 சொல் வித்தியாசத்தைப் பற்றித்தான். அதில் மாற்றமே இல்லை. அந்த 6 ஐ எதனால் வகுக்கிறோம் என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

சுயாதீனச் சோதனை, முன் நிரலில் இருப்பவர்கள் ஒரு கூட்டம், பின் நிரலில் இருப்பவர்கள் முற்றிலும் வேறொரு கூட்டம் என்று நினைத்துக் கணக்குப் போடுகிறது. முன் நிரலில் 27 சொல் வாசிக்கும் பிள்ளையும் இருக்கிறது, 82 சொல் வாசிக்கும் பிள்ளையும் இருக்கிறது. அதன் நியம விலகல் 18.15. பின் நிரலின் நியம விலகல் 12.97. வர்க்கித்தால் மாறற்றிறன்கள் 329.3 உம் 168.2 உம். இரண்டையும் கூட்டி 10 ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் நியம வழு 7.05. ஆகவே t = 6 / 7.05 = 0.85. பிள்ளைக்குப் பிள்ளை இவ்வளவு பரந்து கிடக்கும்போது 6 சொல் வித்தியாசம் தற்செயலாகவே வரலாம் என்கிறது அது. இரண்டு வேறு கூட்டமாக இருந்திருந்தால் அது சொல்வது முற்றிலும் சரி: இரண்டாம் கூட்டத்தில் நன்றாக வாசிக்கும் பிள்ளைகள் ஒன்றிரண்டு கூடுதலாக விழுந்திருந்தாலே இடை 6 கூடிவிடும்.

ஆனால் உங்கள் ஆய்வில் அப்படி விழ வழியே இல்லை. 27 சொல் வாசித்த ஐந்தாம் பிள்ளையை 36 சொல் வாசித்த அதே பிள்ளையோடுதான் ஒப்பிடுகிறீர்கள். வீட்டில் புத்தகம் இருக்கிறதா, முன்பள்ளிக்குப் போனதா, கண்பார்வை எப்படி என்று ஒரு பிள்ளையை மற்றப் பிள்ளையிடமிருந்து வேறுபடுத்தும் எல்லாமே முன்னும் பின்னும் அந்தப் பிள்ளையோடு கூடவே வருகின்றன. கழிக்கும்போது அவை கழிந்துபோகின்றன. மிஞ்சுவது வித்தியாச நிரல் மட்டும்: அதன் இடை 6, நியம விலகல் 7.10, நியம வழு 7.10 / √10 = 2.25. ஆகவே t = 6 / 2.25 = 2.67, df = 9, p = 0.026.

7.05 எப்படி 2.25 ஆகக் குறைந்தது என்பதற்கு ஒரு சூத்திரம் போதும்:

```
Var(D) = s1² + s2² − 2·r·s1·s2
       = 329.3 + 168.2 − 447.1 = 50.4
```

இங்கே D என்பது வித்தியாசம், s1 உம் s2 உம் முன், பின் நிரல்களின் நியம விலகல்கள், r என்பது முன், பின் இரண்டுக்கும் உள்ள இணைபு. இந்தத் தரவில் அது 0.95. முன்பு நன்றாக வாசித்த பிள்ளை பின்பும் நன்றாக வாசிக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. சுயாதீனச் சோதனை r ஐ பூச்சியம் என்று எடுத்துக்கொள்கிறது, அதாவது கடைசி உறுப்பை எறிந்துவிடுகிறது. அந்த ஒரு உறுப்பு 447. மொத்தத்தில் பத்தில் ஒன்பது பங்கு அதிலேயே போகிறது.

சோடிச் சோதனைக்கும் ஒரு விலை இருக்கிறது. df 18 இலிருந்து 9 ஆகக் குறைகிறது. 5 வீத மட்டத்தில் t தாண்ட வேண்டிய எல்லை 2.101 இலிருந்து 2.262 ஆக உயர்கிறது. r பூச்சியத்துக்குக் கிட்ட இருந்தால் சோடியால் இலாபம் இல்லை, சிறு நட்டமே. ஆனாலும் சோதனையை மாற்றக் கூடாது. ஒரே ஆளை இரண்டு முறை அளந்ததில் r குறைவாக வந்தால், சோதனையை விட அளவையைத்தான் சந்தேகிக்க வேண்டும்: நேரம் பார்த்தவர் மாறினாரா, இரண்டாவது வாசிப்புப் பந்தி முதலாவதை விடக் கடினமா, நிரைகள் குழம்பினவா என்று தேடுங்கள்.

இது புதிய சிக்கலும் இல்லை. ரி-சோதனை பிறந்ததே இப்படிப்பட்ட தரவோடுதான். டப்ளினில் கின்னஸ் நிறுவனத்தில் வேலை செய்த வில்லியம் சீலி கொசெற், 1908 இல் ‘ஸ்ரூடன்ற்’ என்ற புனைபெயரில் எழுதிய கட்டுரையில், ஒரே 10 நோயாளிகளுக்கு இரண்டு தூக்க மருந்துகள் கொடுத்து, கூடுதலாக எத்தனை மணித்தியாலம் தூங்கினார்கள் என்று அளந்த தரவை உதாரணமாக எடுத்தார். ஒவ்வொரு நோயாளிக்கும் வித்தியாசத்தைக் கணித்து, அந்த வித்தியாசங்களில்தான் கணக்குப் போட்டார். அந்தத் தரவு ஆர் மென்பொருளில் `sleep` என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. சோடியாகப் பார்த்தால் t = 4.06, p = 0.003. வேறு வேறு ஆட்கள் என்று நினைத்துப் பார்த்தால் t = 1.86, p = 0.079. உங்களுக்கு நடந்தது அதிலும் அப்படியே நடக்கிறது.

இனி உங்கள் தரவு சோடியா இல்லையா என்று ஐயம் வரும் இடங்களில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: முதல் நிரலில் உள்ள ஓர் எண்ணைத் தொட்டு, இரண்டாம் நிரலில் அதற்குரிய எண் இன்னதுதான், வேறு எதுவும் அல்ல என்று காரணத்தோடு சொல்ல முடியுமா? முடிந்தால் சோடி. இரண்டு நிரலிலும் பத்துப் பத்து எண்கள் இருப்பது காரணம் ஆகாது. கிளிநொச்சிப் பாடசாலையில் பத்துப் பேரையும் முல்லைத்தீவுப் பாடசாலையில் பத்துப் பேரையும் அளந்துவிட்டு, எண்ணிக்கை சமன் என்பதற்காகச் சோடிச் சோதனை போடுகிறவர்களும் உண்டு. அங்கே கிளிநொச்சியின் மூன்றாம் பிள்ளைக்கும் முல்லைத்தீவின் மூன்றாம் பிள்ளைக்கும் எந்த உறவும் இல்லை. நிரையின் ஒழுங்கை மாற்றினால் விடையும் மாறும். ஒழுங்கை மாற்ற விடை மாறுகிற சோதனை அந்தத் தரவுக்குரியது அல்ல. மறுபக்கம், ஆள் ஒருவராக இல்லாமலும் சோடி வரலாம். ஒரே வயலை வரம்பு கட்டி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஒரு பசளையும் மற்றப் பாதிக்கு வேறு பசளையும் போட்டால், அந்த இரண்டு பாதிகளும் சோடிதான். மண்ணும் குளத்துத் தண்ணீரும் இரண்டுக்கும் ஒன்று.

பிழை பெரும்பாலும் கோப்பு அமைப்பில் தொடங்குகிறது. எஸ்.பி.எஸ்.எஸ். இல் தரவை 20 நிரையாக அடுக்கி, பக்கத்தில் முன்னுக்கு 1, பின்னுக்கு 2 என்று ஒரு நிரல் போட்டிருப்பீர்கள். அந்த அமைப்பைப் பார்த்ததும் கை தானாக `Independent-Samples T Test` க்குப் போகும். அது ஒரு முறைப்பாடும் இல்லாமல் ஓடி விடை தரும். சோடிக்கு ஒரு பிள்ளைக்கு ஒரு நிரை, முன் ஒரு நிரல், பின் ஒரு நிரல் என்று இருக்க வேண்டும். அப்படி வைத்துவிட்டு `Analyze` இல் `Compare Means` என்று தொடங்கும் பிரிவுக்குள் `Paired-Samples T Test` ஐ எடுங்கள். வெளியீட்டில் `Paired Samples Correlations` என்ற சிறு அட்டவணையைப் பலரும் தாண்டிப் போகிறார்கள். அதில்தான் நான் மேலே சொன்ன r இருக்கிறது. முடிவைப் பார்க்கும் முன் அதைப் பாருங்கள்.

எக்செலில் முன் மதிப்புகள் A நிரலிலும் பின் மதிப்புகள் B நிரலிலும் இருந்தால்:

```
=T.TEST(A2:A11, B2:B11, 2, 1)
```

கடைசி எண் 1 என்றால் சோடி. 2 உம் 3 உம் சுயாதீனம். அந்தக் கடைசி எண்ணை யோசிக்காமல் 2 என்று அடிப்பதே அங்கே நடக்கும் வழமையான பிழை. அதற்கு முன்னால் இருக்கும் 2 இருபக்கச் சோதனையைக் குறிப்பதால், இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஆரில்:

```r
mun <- c(32,58,41,75,27,64,49,38,82,54)
pin <- c(44,59,55,78,36,60,55,53,77,63)
t.test(pin, mun, paired = TRUE)
t.test(pin - mun)
```

கடைசி இரண்டு வரிகளும் ஒரே விடையைத் தரும். சோடிச் சோதனை என்பது வித்தியாசங்களின் இடை பூச்சியமா என்று பார்ப்பதுதான், வேறொன்றும் இல்லை என்பது அதிலேயே தெரியும். ஆரின் புதிய பதிப்புகளில் `score ~ time` என்ற வடிவத்தோடு `paired = TRUE` போட்டால் `cannot use 'paired' in formula method` என்று மறுத்துவிடும். எரிச்சலாக இருந்தாலும் அந்த மறுப்பு நல்லதற்குத்தான்: அந்த வடிவத்தில் எந்த எண் யாருடையது என்பதை ஆர் அறியாது, நிரை ஒழுங்கை நம்பித்தான் சோடி சேர்க்க வேண்டியிருந்தது.

நிரை ஒழுங்கு பற்றி ஒரு கடுமையான எச்சரிக்கை சொல்ல வேண்டும். எக்செலில் ஒரு நிரலை மட்டும் தெரிவுசெய்து சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் சோடிகள் அறுந்துவிடும், எந்த மென்பொருளும் அதைச் சொல்லாது. மேலே உள்ள தரவில் இரண்டு நிரல்களையும் தனித்தனியே அடுக்கிப் பாருங்கள். முன்னில் மிகச் சிறியது 27, பின்னில் மிகச் சிறியது 36. தற்செயலாக இரண்டும் ஐந்தாம் பிள்ளையே. முதல் ஐந்து நிரைகளும் இப்படியே தப்பிவிடும், ஆனால் ஆறாம் நிரையிலிருந்து பொய்ச் சோடிகள் தொடங்கிவிடும். மேல் முனையில் 82 க்கு எதிரே 78 வந்து உட்காரும், அது நான்காம் பிள்ளையின் எண். இப்போது சோடிச் சோதனை ஓடினால் t = 2.95, p = 0.016. உண்மை விடையை விட நன்றாகவே தெரிகிறது! அடுக்கப்பட்ட இரண்டு நிரல்களுக்கும் இடையில் இணைபு ஆகக் கூடியதாக இருக்கும், ஆகவே வழு குறையும், ஆகவே p சிறுக்கும். முடிவு அழகாக வந்ததால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஒரு நிரலை மட்டும் அடுக்கினால் எதிர்மாறாக r சிதைந்து, p பெருக்கும். ஆகவே தரவு தட்டச்சு முடிந்ததும் மூல விடைத்தாள்களில் மூன்று நான்கை எழுந்தமானமாக எடுத்து, அந்தப் பிள்ளையின் முன், பின் இரண்டும் அதே நிரையில் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். ஐந்து நிமிட வேலை.

அடுத்தது வராமல் போனவர்கள். முதல் அளவையில் 40 பேர், இரண்டாவதில் 33 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோடிச் சோதனை இரண்டிலும் இருப்பவர்களை மட்டுமே எடுக்கும். எண்ணிக்கை சமன் இல்லை என்பதால் சுயாதீனத்துக்குத் தாவுவது பிழை. எக்செலில் ஒரு நிரலில் 40 உம் மற்றதில் 33 உம் நெருக்கமாக அடித்திருந்தால் சோடி வகை `#N/A` தரும், 2 என்று மாற்றினால் உடனே ஒரு விடை வரும். அந்த விடை வருவதாலேயே அது சரி என்று எடுத்துவிடுகிறார்கள். செய்ய வேண்டியது, வராத 7 பேரின் முன் மதிப்பை, வந்த 33 பேரின் முன் மதிப்போடு ஒப்பிடுவது. அங்கேதான் சுயாதீனச் சோதனை சரியான இடத்தில் நிற்கிறது. 7 பேரும் 33 பேரும் வேறு வேறு ஆட்கள். 7 பேருக்கு p ஐ நம்பி இருக்காமல் இடைகளைக் கண்ணால் பாருங்கள். வன்னியில் இது வெறும் சடங்கல்ல. இரண்டாவது அளவை மார்கழி வெள்ளத்திலோ காலபோக அறுவடையிலோ விழுந்தால், வராமல் போகிறவர்கள் எழுந்தமானமாகப் போவதில்லை. தூரத்துக் கிராமத்துப் பிள்ளைகளும் வயல் வேலைக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளைகளும்தான் முதலில் குறைவார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்களும் அவர்களாகவே இருந்தால், உங்கள் முடிவு எஞ்சியவர்களைப் பற்றியது மட்டும் என்று வெளிப்படையாக எழுத வேண்டும். இரண்டாவது அளவையின் திகதியைக் குறிக்கும்போதே போகங்களைப் பார்த்துக் குறிப்பது அதைவிட நல்லது.

செவ்வன் பரம்பல் பற்றி எல்லா மேற்பார்வையாளர்களும் கேட்பார்கள். சோடிச் சோதனையில் செவ்வனாக இருக்க வேண்டியது வித்தியாச நிரல். முன், பின் நிரல்கள் அல்ல. பத்துப் பேருக்கு சபீரோ-வில்க் சோதனையால் பெரிதாக எதையும் கண்டுபிடிக்க முடியாது. பத்து வித்தியாசங்களையும் ஒரு கோட்டில் புள்ளிகளாக வைத்துப் பாருங்கள். மேலே உள்ளவை −5 முதல் 15 வரை ஒரே சீராகப் பரவியிருக்கின்றன, தனியே தூரத்தில் நிற்கும் புள்ளி இல்லை. அப்படி ஒன்று, 60 போல, நின்றால் முதலில் தட்டச்சுப் பிழையா என்று பாருங்கள். உண்மையான மதிப்பு என்றால் வில்கொக்சன் குறித் தரச் சோதனைக்குப் போகலாம், அதுவும் சோடிகளுக்கானது. மான்-விற்னி சுயாதீனக் கூட்டங்களுக்குரியது. ரி யில் செய்யாத பிழையை அங்கே போய்ச் செய்துவிடாதீர்கள்.

எதிர்த்திசையிலும் ஒரு பொறி உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று பந்திகள் கொடுத்து அளந்திருந்தால், 10 பிள்ளைகளை 30 நிரையாக அடுக்கிச் சோடிச் சோதனை செய்யக் கூடாது. df 29 என்று காட்டும், p பொய்யாகச் சிறுக்கும். உங்களிடம் இருப்பது 10 பிள்ளைகள்தான். முதலில் ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்றின் இடையை எடுத்து, முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்று என்று ஆக்கிய பிறகே சோதனை.

இனி 0.026 எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பது. ஆறு வாரத்தில் இந்தப் பிள்ளைகளின் வாசிப்பு கூடியது தற்செயல் ஏற்ற இறக்கம் என்று சொல்லக் கடினம் என்கிறது. பயிற்சியால் கூடியது என்று அது சொல்லவில்லை. ஆறு வாரம் வகுப்பிலும் படித்திருப்பார்கள். முதல்முறை அந்நியர் ஒருவர் கையில் மணிக்கூட்டோடு நின்ற பயம் இரண்டாம் முறை குறைந்திருக்கும். அதே பந்தியைத் திரும்பக் கொடுத்திருந்தால் ஞாபகமும் உதவியிருக்கும். அட்டவணையை இன்னொருமுறை பாருங்கள்: 27, 32, 38, 41 என்று குறைவாக வாசித்த நால்வரும் 9 முதல் 15 வரை கூடியிருக்கிறார்கள், 82 வாசித்த பிள்ளை 5 குறைந்திருக்கிறது. பயிற்சி பின்தங்கியவர்களுக்கு உதவியதாகவும் இருக்கலாம். முதல் அளவையில் தற்செயலாக மிகக் குறைந்தவர்கள் அடுத்ததில் இடைப் பக்கம் திரும்புவதாகவும் இருக்கலாம். ஒரே கூட்டத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. மிகப் பின்தங்கிய பிள்ளைகளை மட்டும் தெரிந்தெடுத்துப் பயிற்சி கொடுத்திருந்தால் இந்தச் சிக்கல் இன்னும் கூடும்.

அதற்குத்தான் பயிற்சி இல்லாத ஒப்பீட்டுக் கூட்டம். ஆனால் அது வந்ததும் பலர் செய்வது இது: பயிற்சிப் பாடசாலையில் ஒரு சோடிச் சோதனை, p = 0.026. ஒப்பீட்டுப் பாடசாலையில் இன்னொரு சோடிச் சோதனை, p = 0.11. ஒன்றில் வித்தியாசம் இருக்கிறது, மற்றதில் இல்லை, ஆகவே பயிற்சி பலன் தந்தது என்று எழுதிவிடுகிறார்கள். இது பிழை, ஏன் என்பதை எண்ணில் காட்டலாம். ஒப்பீட்டுப் பாடசாலையிலும் பத்துப் பேர், இடை வித்தியாசம் 4, நியம விலகல் அதே 7.10 என்று வையுங்கள். அங்கே t = 4 / 2.25 = 1.78, p = 0.11. ஆனால் பயிற்சிக் கூட்டம் 6 கூடியது, பயிற்சி இல்லாத கூட்டம் 4 கூடியது. பயிற்சிக்கு உரியதாகச் சொல்லக்கூடியது 2 சொல் மட்டும். அந்த 2 ஐத்தான் சோதிக்க வேண்டும். முதல் படியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பின் கழித்தல் முன் எடுங்கள்; அங்கேயே சோடி வேலை முடிந்துவிட்டது. இரண்டாம் படியில் அந்த வித்தியாசங்களை இரண்டு பாடசாலைகளுக்கும் இடையில் சுயாதீன ரி-சோதனையால் ஒப்பிடுங்கள். t = 2 / 3.18 = 0.63, p = 0.54. பயிற்சி பலன் தந்ததாகச் சொல்ல ஆதாரம் இல்லை. ஒரே ஆய்வில் இரண்டு சோதனையின் எண்ணமும் இப்படித்தான் சேர்ந்து வரும்: ஆளுக்குள்ளே கழித்தல், கூட்டங்களுக்கிடையே ஒப்பிடுதல்.

ஆய்வறிக்கையில் எழுதும்போது இரண்டு இடைகளை மட்டும் போட்டு p ஐத் தராதீர்கள். “வித்தியாசத்தின் இடை 6.0 சொல், நியம விலகல் 7.1, t(9) = 2.67, p = 0.026, 95 வீத நம்பிக்கை ஆயிடை 0.9 முதல் 11.1 வரை” என்று எழுதுங்கள். ஆயிடைதான் வாசிப்பவருக்கு உண்மையைச் சொல்லும்: முன்னேற்றம் ஒரு சொல்லாகவும் இருக்கலாம், பதினொன்றாகவும் இருக்கலாம், பத்துப் பேரை வைத்து அதற்கு மேல் இறுக்க முடியாது. விளைவின் அளவைக் கோகனின் d ஆகக் கேட்டால் எதனால் வகுத்தீர்கள் என்று சொல்லுங்கள். வித்தியாசத்தின் நியம விலகலால் வகுத்தால் 0.84, முன் மதிப்பின் நியம விலகலால் வகுத்தால் 0.33. முதலாவது பெரிய விளைவு போல ஒலிக்கும். ஆனால் பிள்ளைகளுக்கிடையே உள்ள பரவலோடு ஒப்பிட்டு எவ்வளவு முன்னேறினார்கள் என்று கேட்பவருக்குரிய விடை இரண்டாவதுதான்.

கடைசியாக, எந்தச் சோதனையாலும் சரிசெய்ய முடியாத நிலை ஒன்று: முன், பின் இரண்டு தாள்களிலும் பெயரோ இலக்கமோ எழுதாமல் வாங்கிவிட்டீர்கள். அதே ஆட்கள்தான், ஆனால் எந்தத் தாள் யாருடையது என்று தெரியாது. சோடிச் சோதனை போக வழியில்லை. தாள்கள் வந்த ஒழுங்கில் சோடி சேர்ப்பது இட்டுக்கட்டுவது. சுயாதீனச் சோதனையைச் செய்தால், அதன் அடிப்படைக் கருதுகோள் மீறப்படுகிறது என்றும், இணைபு நேர் எண்ணாக இருந்தால் p உண்மையை விடப் பெரிதாக வரும் என்றும் எழுதித்தான் தர வேண்டும். இதைத் தவிர்க்க, பெயர் இல்லாமலே ஆளை இணைக்கும் குறியீடு வேண்டும். பாடநூல்களில், தாயின் பெயரின் முதல் எழுத்து, எத்தனை மூத்த சகோதரர், இப்படிச் சேர்த்து ஆளே தன் குறியீட்டை ஆக்கும் முறையைக் காண்பீர்கள். வன்னியில் அந்தக் கேள்விகளைக் கேட்காதீர்கள். இழப்புகளோடு வாழும் வீடுகளில் அது வெறும் குறியீட்டுக் கேள்வியாக இருக்காது. காணாமல் போன ஒருவரை எண்ணுவதா விடுவதா என்ற தயக்கத்தில் முதல் முறை ஒரு விடை, இரண்டாம் முறை இன்னொரு விடை வரும். மனமும் நோகும், சோடியும் அறும். பிள்ளைகள் என்றால் வரவு இடாப்பின் இலக்கத்தைப் போடுங்கள். பெரியவர்கள் என்றால் 1, 2, 3 என்று இலக்கமிட்ட அட்டைகளை முதல் நாளே குலுக்கிக் கொடுத்து, தொலைபேசியில் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். எந்த இலக்கம் யாருக்கு என்ற பட்டியல் உங்களிடம் தேவையில்லை. இரண்டாம் நாள் அட்டையைத் தொலைத்து வருகிறவர்களின் தாள்களைத் தனியாக எடுத்து வைத்து, அவர்கள் எத்தனை பேர் என்று அறிக்கையில் எழுதுங்கள்.